மூன்று குழல், இரண்டு நாயனம்

ஆடுதுறைக்குப் பக்கத்தில் இருக்கிறது நரசிங்கம்பேட்டை. அங்கே ஆச்சா மரத்தில் நாகசுரம் கடையும் ஒரு ஆசாரியிடம், கும்பகோணத்து வீடொன்றில் கிடைத்த பழைய குழுப்படத்தின் நகலைக் காட்டினேன். ஐந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். மூவரிடம் குழல், இருவர் முன்னால் தவில். பின்னால் தாளத்தோடு ஒரு பையன் நிற்கிறான். படத்தை வைத்திருந்தவர்கள், "மூணு பேரும் நாயனக்காரங்க" என்றே சொல்லியிருந்தார்கள்.

ஆசாரி லென்ஸை இடது ஓரத்துக் குழலின் மேல் வைத்தார். "இது நாயனம் இல்லீங்க, ஒத்து. விரல் போடுற துளையே காணோம் பாருங்க." நாகசுரத்தில் விரலுக்கென்று ஏழு துளைகள் வரிசையாக இருக்கும். ஒரே சுருதியை விடாமல் ஊதிக்கொண்டிருக்கும் ஒத்துக்கு அவை தேவையில்லை. சுருதிப் பெட்டி வந்த பிறகு ஒத்துக்காரர்களே அநேகமாக மறைந்துபோனார்கள்.

மற்ற இரண்டும் குட்டையான திமிரி நாயனங்கள். பிடித்திருப்பவரின் முழங்கையிலிருந்து விரல்நுனி வரையான அளவைக் கொஞ்சம்தான் தாண்டுகின்றன. நீளமான பாரியைப் பரவலாக்கியவர் டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898-1956). அதனால் படம் அதற்கு முந்தியது என்று சொல்ல ஆசைதான். ஆனால் பாரி வந்த அன்றே எல்லோரும் திமிரியைத் தூக்கிப் போட்டுவிடவில்லையே. தவில்களில் இரும்புச் சட்டம் இல்லை, தோல்வார்தான். அதற்கும் இதே பதில்தான்.

உடையில் நான் நம்பியது பதக்கத்தை மட்டும். கோட்டை ஸ்டுடியோவிலேயே இரவல் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். நடுவில் இருப்பவர் மார்பில் மட்டும் மூன்று பதக்கங்கள்.

படத்தின் கீழ் அட்டையைப் பூச்சி அரித்திருந்தது. முதலில் "த்து)", இரண்டு காற்புள்ளி தாண்டி "மங்கலம்", கடைசியில் ஒரு "பிள்ளை". வீட்டார் முதல் துண்டை முத்து என்றும், அடுத்ததை நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை என்றும் படித்திருந்தார்கள். அவர் புகழ்பெற்ற தவில் வித்வான். பெயர்கள் தகுதி வரிசையில், அதாவது நாயனம் இரண்டும் முதலில், பிறகு தவில் என்று எழுதப்பட்டிருந்தால் மூன்றாமவர் தவில்காரராக இருக்க வாய்ப்புண்டு.

இதை உடைத்தது அந்த அடைப்புக்குறிதான். "த்து)" என்பது "(ஒத்து)" என்பதன் மிச்சம். தகுதி வரிசையில் ஒத்துக்காரர் முதலில் வரமாட்டார். ஆக, பெயர்கள் இடமிருந்து வலமாகத்தான் எழுதப்பட்டிருக்கின்றன. மூன்றாமவர் நடுவில் பதக்கத்தோடு இருப்பவர். அவர் கையில் நாயனம். மீனாட்சிசுந்தரம் பிள்ளை அல்ல அவர். ஏதோ ஒரு மங்கலத்து நாகசுர வித்வான். தஞ்சைப் பக்கம் மங்கலங்களுக்கா பஞ்சம்! அசல் படத்தின் பதக்கத்தில் கொடுத்தவர் பெயர் தெரிந்தால் இன்னும் ஓரடி நகரலாம்.

உங்கள் வீட்டில் இப்படி ஒரு படம் இருந்தால், நகலெடுக்கும்போது முகங்களை மட்டும் வெட்டி எடுக்காதீர்கள். அரித்துப்போன அட்டையையும் பின்பக்கத்தையும் சேர்த்தே எடுங்கள்.