ஏழாவது ஸ்லைட்டுக்கு 40 செக்கன்

இணுவிலில், காங்கேசன்துறை வீதியிலிருந்து விலகிப் போகும் ஓர் ஒழுங்கைக்குள் அந்த வீடு. நான் போனபோது விடிய நாலரை மணி. ஆசிரியை முன்விறாந்தையில் தேநீரோடு இருந்தார். "இப்ப விட்டால் பிறகு ஏலாது. ஆறு மணிக்குக் கோயில் மணி, பிறகு றெயில், பிறகு பக்கத்து வீட்டுத் தவில்" என்றார். தவில் மேதை தெட்சணாமூர்த்தியைத் தந்த ஊர் இது. இங்கே தவில் சாதகத்தை நிறுத்தச் சொல்ல யாருக்கும் மனம் வராது. அதனால் ஒலிப்பதிவுதான் நேரம் மாற்றிக்கொண்டது.

அவர் சாதாரண தரத்துக்குக் கணிதம் படிப்பிக்கிறவர். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடங்களைக் காணொளியாக்கத் தொடங்கியவர்களில் ஒருவர். இப்போது அவர் கையில் இருப்பது ஒருங்கமை சமன்பாடுகள் பற்றிய 14 ஸ்லைட். செய்தவர் வேறோர் ஆசிரியர். ஸ்லைட்டுகள் எப்போது மாற வேண்டும், ஒவ்வொரு வரியும் எப்போது தோன்ற வேண்டும் என்று நேரமும் அவரே பதிந்து வைத்துவிட்டார். அவற்றின் அச்சுப் பிரதிகள் ஸ்லைட் இலக்கத்தோடு பிள்ளைகளின் கொப்பிகளில் ஒட்டப்பட்டும் விட்டன. ஆகவே வரிசையையோ நேரத்தையோ தொடமுடியாது. படம் ஓடுகிறபடி ஓடும், பேச்சுத்தான் அதற்குள் அடங்கவேண்டும்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது எளிய வேலையாகத் தெரியும். ஸ்லைட்டைப் பார்த்து விளக்கத்தை எழுதி வாசித்துவிட்டால் போதாதா? இவரும் முதற்தடவை அப்படித்தான் செய்தார். முழுவதையும் ஒரே மூச்சில் வாசித்துப் பதிந்தார். ஒவ்வொரு ஸ்லைட்டிலும் அரைச் செக்கன்தான் பிந்தியது. ஆனால் அரைச் செக்கன் அரைச் செக்கனாகச் சேர்ந்து, கடைசி ஸ்லைட்டுக்கு வரும்போது குரல் ஏழு செக்கன் பின்னால் நின்றது. திரையில் விடை வந்துவிட்டது, குரல் இன்னும் பெருக்கிக்கொண்டிருந்தது.

இரண்டாம் தடவை பவர்பொயின்ற்றுக்குள்ளேயே பதிந்துபார்த்தார். அங்கே வேறொரு சிக்கல். ஒரு ஸ்லைட் மறைந்து அடுத்தது வரும் அந்த மாற்றத்தின்போது அந்த மென்பொருள் குரலைப் பதிவதில்லை. மாற்றம் முடிந்த பிறகுதான் பதிவு தொடங்கும். மாறும்போதே பேசத் தொடங்கியதால் பல ஸ்லைட்டுகளில் முதற் சொல் காணாமற் போயிருந்தது. "இரண்டு எக்ஸ்" என்று அவர் சொன்னது பிள்ளைகளுக்கு வெறும் "எக்ஸ்" என்று கேட்டது. கணிதத்தில் அது வேறு சமன்பாடு.

இந்த இரண்டு பிழைகளிலிருந்தும் அவர் எடுத்த முடிவு ஒன்றுதான்: ஒரு ஸ்லைட்டுக்கு ஒரு தனிக் கோப்பு, எந்த வசனமும் ஸ்லைட்டின் எல்லையைத் தாண்டக்கூடாது. ஒன்றில் பிந்தினால் அந்தப் பிந்தல் அந்த ஸ்லைட்டோடு முடிந்துவிடும், அடுத்ததற்குத் தொற்றாது.

எழுதுவதற்கு முன் அவர் செய்வது அளப்பது. ஸ்லைட்டுகளை ஒலியில்லாமல் ஓடவிட்டு, அவருடைய தம்பி தொலைபேசியின் ஸ்டொப்வாட்ச்சைப் பிடிக்க, ஒவ்வொன்றும் எத்தனை செக்கன் நிற்கிறது, எந்தச் செக்கனில் எந்த வரி தோன்றுகிறது என்று ஒரு கோடிட்ட கொப்பியில் குறிக்கிறார். பிறகு தன் குரலை அளக்கிறார். பாடப்புத்தகத்திலிருந்து 300 சொற்களை வகுப்பில் கதைக்கிற வேகத்தில் வாசித்தார்; 200 செக்கன் எடுத்தது. செக்கனுக்கு ஒன்றரைச் சொல். ஆங்கிலக் காணொளிகளுக்குச் சொல்லப்படும் நிமிடத்துக்கு 140, 150 சொல் என்ற கணக்கு தமிழுக்குச் சரிவராது. எங்கள் சொல் வேற்றுமையையும் காலத்தையும் வாலில் கட்டிக்கொண்டு நீளமாக வருவது.

ஏழாவது ஸ்லைட்டை எனக்கு விரித்துக் காட்டினார். அதற்கு 40 செக்கன். மேலே இரண்டு சமன்பாடுகள் முன்பே நிற்கின்றன. மற்றவை ஒவ்வொன்றாக வருகின்றன.

```
3x + 2y = 16   (1)
x - y = 2      (2)
2x - 2y = 4    (3)   11 s
5x = 20              20 s
x = 4                27 s
4 - y = 2            32 s
y = 2                35 s
```

40 செக்கனும் பேச்சுக்கு இல்லை. ஸ்லைட் மாற 2 செக்கன். தொடக்கத்திலும் முடிவிலும் மூச்சுக்கு ஒவ்வொன்று. மிச்சம் 36. அதிலிருந்து அவர் மேலும் 12 செக்கனைக் கழிக்கிறார். "பிள்ளை எழுதவேணும் எல்லோ. நான் கதைச்சுக்கொண்டிருந்தா அது எழுதுமோ, கேட்குமோ?" மூன்றாம் சமன்பாடு வந்தபின் 5 செக்கன், 5x = 20 வந்தபின் 3, கடைசியில் 4. இந்த மௌனங்களும் பிரதியில் செக்கன் கணக்கோடு எழுதப்பட்டிருக்கின்றன. வாசிக்கும்போது அவர் அவற்றைக் கைவிரலால் மேசையில் தட்டி எண்ணுகிறார். பேச்சுக்கு மிஞ்சியது 24 செக்கன். ஒன்றரையால் பெருக்கினால் 36 சொல்.

அவருடைய முதல் எழுத்தில் அந்த ஸ்லைட்டுக்கு 58 சொல் இருந்தது. வேகமாக வாசித்து அடக்கிவிடலாம் என்று தம்பி சொன்னாராம். அவர் மறுத்துவிட்டார். சமன்பாட்டை வேகமாக வாசித்தால் "சக" என்பதும் "சய" என்பதும் ஒன்றுபோலக் கேட்கும். கூட்டலையும் கழித்தலையும் இப்படிச் சொல்வது இலங்கைத் தமிழ்ப் பாடநூல் வழக்கு. இரண்டுக்கும் நடுவே வேறுபடுவது ஒரு மெய்தான். அங்கே அவசரம் கூடாது. ஆகவே வெட்டத்தான் வேண்டும்.

வெட்டியது எதை என்று பார்த்தேன். "அன்பான மாணவர்களே, இப்போது நாங்கள் மேலே தரப்பட்டுள்ள இரண்டு சமன்பாடுகளையும் நன்றாக அவதானித்துக்கொள்வோம்" என்பது "இரண்டு சமன்பாடுகளையும் பாருங்கள்" ஆகியிருந்தது. பத்துச் சொல் மூன்றாகியது. திரையில் தெரிகிற (3)ஆம் சமன்பாட்டை முழுதாக வாசித்திருந்த வரியும் போய்விட்டது. கண்ணுக்குத் தெரிவதைக் குரல் திரும்பச் சொல்லத் தேவையில்லை, ஏன் அப்படிச் செய்கிறோம் என்பதைத்தான் குரல் சொல்லவேண்டும் என்பது அவர் கணக்கு. இந்த இடத்தில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. திரையைப் பார்க்க வசதியில்லாமல், தாயின் தொலைபேசியில் காதால் மட்டும் கேட்கிற பிள்ளைக்கு என்ன செய்வது? கேட்டேன். அதனால்தான் விடை வருகிற இடங்களில் மட்டும் சமன்பாட்டை வாயால் சொல்கிறாராம். கடைசிப் பிரதி இது:

இரண்டு சமன்பாடுகளையும் பாருங்கள். வையின் குணகங்கள் இரண்டு, சய ஒன்று. இரண்டாவதை இரண்டால் பெருக்குவோம். (5 செக்கன் மௌனம்) இனி முதலாவதையும் மூன்றாவதையும் கூட்டுவோம். வை நீங்கிவிடும். (3 செக்கன் மௌனம்) ஐந்து எக்ஸ் சமன் இருபது. ஆகவே எக்ஸ் சமன் நான்கு. இந்தப் பெறுமானத்தை இரண்டாவது சமன்பாட்டில் பிரதியிடுவோம். வை சமன் இரண்டு. (4 செக்கன் மௌனம்)

33 சொல். மூன்று சொல் இடம் மிச்சம் இருந்தும் அவர் அதை நிரப்பவில்லை. "பெருக்குவோம்" என்ற சொல் முடிகிறபோதுதான் 11ஆம் செக்கனில் பெருக்கிய வரி தோன்றுகிறது. சொல் ஒரு கணம் முந்தி, எழுத்துப் பின்னால். வரி முதலில் வந்துவிட்டால் பிள்ளை அதை வாசிக்கத் தொடங்கிவிடும், காது மூடிக்கொள்ளும் என்கிறார்.

ஆனால் சொல்லை எண்ணுவது மட்டும் போதாது என்று ஒலிப்பதிவு அறையில் தெரிந்தது. அறை என்பது படுக்கையறை. யன்னலில் மெத்தை சாத்தியிருந்தது. மேசையில் மடித்த போர்வைமேல் தொலைபேசி, வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி. "இரண்டாவதை இரண்டால் பெருக்குவோம்" என்ற இடத்தில் அவருடைய நாக்கு இரு தடவை தடுக்கியது. எண்ணிக்கையில் மூன்றே சொல், இரண்டு செக்கன் ஆகவேண்டியது, மூன்றரைக்குப் போய்விட்டது. "இரண்டாவதை" என்பதற்குப் பின்னால் பென்சிலால் ஒரு சிறு கோடு போட்டு, அங்கே மூச்செடுத்து வாசித்தார். அரைச் செக்கன் அந்தக் கோட்டுக்குப் போனாலும் தடுக்கல் நின்றது. அதுபோல "பிரதியிடுவோம்", "பெறுமானத்தை" மாதிரியான நீளச் சொற்கள் பக்கத்தில் பக்கத்தில் வருகிற வரிகளில் அவர் சொல்லை விட்டுவிட்டு எழுத்தை எண்ணுகிறார்.

பதிந்த கோப்புகளைத் தம்பி மடிகணினியில் எடுக்கிறார். முதலில் நீளத்தைக் கேட்கிறார், பிறகு சரியாக 40 செக்கன் வரும்வரை வாலில் மௌனத்தைச் சேர்க்கிறார்.

```
ffprobe -v error -show_entries format=duration -of csv=p=0 s07.wav
ffmpeg -i s07.wav -af apad -t 40 s07_40.wav
```

முதல் வரியைத் தவிர்க்கக்கூடாது என்பது அவர் பட்டுத் தெரிந்தது. குரல் 41 செக்கன் இருந்தால் இரண்டாம் கட்டளை எந்த முறைப்பாடும் இல்லாமல் கடைசிச் செக்கனை வெட்டி எறிந்துவிடும். அந்தச் செக்கனில் விடையும் இருக்கலாம். ஏழாவதுக்குத் திரையில் வந்தது 38.6. அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஆறு மணிக்குக் கோயில் மணி கேட்டபோது ஒன்பது ஸ்லைட் முடிந்திருந்தது. அன்றைய பதிவு அவ்வளவுதான். பிறகு தம்பியின் மகளைக் கூப்பிட்டார்கள். அடுத்த வருடம் சாதாரண தரம் எழுதப்போகிறவள், கொப்பியும் பென்சிலும் கொண்டுவந்து உட்கார்ந்தாள். காணொளி ஓடியது. ஆசிரியை திரையைப் பார்க்கவே இல்லை. பிள்ளையின் பென்சிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழாவதில் குரல் தொடங்கியபோதெல்லாம் பென்சில் நின்றிருந்தது. எட்டாவதிலும் அப்படியே. ஒன்பதாவதில் குரல் வந்துவிட்டது, பென்சில் இன்னும் ஒரு வரியில் ஊர்ந்துகொண்டிருந்தது.

"எவ்வளவு?" என்று கேட்டார்.

"மூண்டு செக்கன் அக்கா" என்றார் தம்பி.

ஆசிரியை பிரதியைத் திறந்து ஒன்பதாவது பக்கத்தை எடுத்தார். மூன்று செக்கனுக்கு ஐந்து சொல் போகவேண்டும். ஒரு வரியில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஆகவே நாங்கள் இதிலிருந்து விளங்கிக்கொள்வது என்னவென்றால்" என்பதைப் பென்சிலால் அடித்தார். ஒழுங்கைக்கு அப்பால் பக்கத்து வீட்டில் தவிலின் வாரை இழுத்துச் சுருதி பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். அடுத்த பதிவு நாளை விடிய நாலரைக்கு.