ராத்தா கூட ஓதினாள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தினாள்

எங்கள் பாடசாலையில் படிக்கும் ஒரு பிள்ளையைப் பற்றி எழுதுகிறோம். அவனிடமும் உம்மாவிடமும் கேட்ட பிறகுதான் எழுதுகிறோம். பெயர் சொல்ல மாட்டோம். ஒருகொடவத்தையில் இருக்கிறவர்கள் யாரென்று யோசித்துப் பார்க்கவும் வேண்டாம். இப்படியான பிள்ளை உங்கள் ஒழுங்கையிலும் ஒன்று இருக்கும்.

தமிழ்த்தினப் போட்டிக்குப் பெயர் எடுத்துக்கொண்டிருந்த நேரம். பாவோதலுக்கு யார் என்று கேட்டோம். தரம் 5 வகுப்பில் ஏழெட்டுக் கைகள் உயர்ந்தன. கடைசி வாங்கில் இருந்து இன்னொரு கையும் உயர்ந்தது. அதைப் பார்த்தோம், பார்க்காத மாதிரி அடுத்த விஷயத்துக்குப் போனோம். அவன் கொன்னிப் பேசுகிற பிள்ளை. அவனை மேடையில் ஏற்றி அழ வைக்கக்கூடாது என்று நினைத்தோம். அதை இரக்கம் என்றுதான் எண்ணியிருந்தோம்.

அன்று இடைவேளையில் அவனுடைய ராத்தா வந்தாள். தரம் 9 படிக்கிறாள். "டீச்சர், தம்பி கையைத் தூக்கினான் தானே? ஏன் பேர் எழுதல்ல?" என்று கேட்டாள். மரியாதையாகத்தான் கேட்டாள். எங்களிடம் பதில் இல்லை.

பிறகு ஆசிரியர் அறையில் பேசிப் பார்த்தோம். முதலாம் தரத்தில் இருந்து எங்களில் ஒருவர்கூட அவனை எழுப்பி வாசிக்கச் சொன்னதில்லை. வரவு கூப்பிடும்போது அவன் கையை மட்டும் தூக்குவான், நாங்களும் அடையாளம் போட்டுக்கொள்வோம். கேள்விக்குப் பதில் தெரிந்தாலும் "தெரியாது" என்று தலையாட்டுவான். அதையும் நம்பிவிட்டோம். கல்வியியற் கல்லூரியில் நாங்கள் படித்த காலத்தில் இதைப்பற்றி ஒரு பந்திக்கு மேல் படித்ததாக ஞாபகம் இல்லை. ஆனால் தெரியாததைத் தேடிப் படிக்காமல் விட்டது எங்கள் தவறு.

ராத்தா சொன்ன ஒரு விஷயம் எங்களை உலுக்கியது. வெல்லம்பிட்டியில் பஸ் ஏறினால் அவன் கண்டக்டரிடம் "ஒருகொடவத்தை" என்று சொல்ல மாட்டானாம். "ஒ" என்ற எழுத்திலேயே தொண்டை பூட்டிக்கொள்ளும். அதனால் "கிராண்ட்பாஸ்" என்று சொல்லி, கூடுதல் காசு கொடுத்து, நடுவில் எங்கள் சந்தியில் இறங்கிக்கொள்வானாம். பத்து வயதுப் பிள்ளை தன் ஊரின் பெயரைச் சொல்லாமல் இருப்பதற்காகக் காசு கொடுத்திருக்கிறான்.

கொன்னல் என்றால் ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வருவது என்றுதான் நாம் நினைக்கிறோம். அது ஒரு வகை. எழுத்தை நீட்டி இழுப்பது இன்னொரு வகை. மூன்றாவது வகையில் வாய் திறந்திருக்கும், சத்தமே வராது. இவனுக்கு அதுதான் அதிகம். வெளியில் இருந்து பார்ப்பவருக்குப் பிள்ளை யோசிக்கிறான், அல்லது பதில் தெரியாமல் நிற்கிறான் என்றுதான் படும். உள்ளே சொல் தயாராக இருக்கும், வழிதான் அடைபட்டிருக்கும். அந்த அடைப்பை உடைக்கப் பார்க்கும்போதுதான் கண் இமைப்பதும் காலைத் தட்டுவதும் வருகின்றன.

பயந்ததால் வந்தது என்று அவனுக்கு ஓதி ஊதியும் பார்த்திருக்கிறார்கள். பயம் இதை உண்டாக்குவதில்லை, இருப்பதைக் கூட்டத்தான் செய்யும். பேச்சுக்கான தசைகளை நேரத்துக்கு நேரம் இயக்கும் வேலையை மூளை செய்கிறது. அந்த இடத்தில் உள்ள வித்தியாசம்தான் இது. குடும்பத்திலும் தொடர்ந்து வரும். சின்ன வயதில் கொன்னத் தொடங்குகிற பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு அது தானாகவே போய்விடும். போகாமல் தங்குவது ஆண் பிள்ளைகளுக்குத்தான் கூடுதல். வளர்ந்தவர்களில் ஏறத்தாழ 100 பேருக்கு ஒருவர் இப்படிப் பேசுகிறார்.

இனி ராத்தா செய்ததற்கு வருகிறோம். அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவளாகவே கவனித்தாள். குர்ஆன் மத்ரஸாவில் எல்லாரும் சேர்ந்து ஓதும்போது தம்பிக்கு ஒரு எழுத்தும் சிக்குவதில்லை. வீட்டில் யாரோ ஒருவர் அதை வைத்தே, "அங்க சரியா ஓதுறான் தானே, இங்க நடிக்கிறான்" என்று சொன்னாராம். அவள் அதை வேறு விதமாக யோசித்தாள். கூட ஒரு குரல் இருந்தால் அவனுக்கு வருகிறது என்றால், நான் கூட ஓதினால் என்ன?

அவள் கண்டுபிடித்தது உண்மை. கொன்னல் உள்ளவர்களில் பெரும்பாலானோர் இன்னொருவருடன் சேர்ந்து ஒரே சொற்களை ஒரே நேரத்தில் வாசித்தால் கிட்டத்தட்டத் தடையில்லாமல் வாசிப்பார்கள். பாடும்போதும் அப்படித்தான். பேச்சு வைத்தியம் செய்பவர்களுக்கு இது பழைய செய்தி. அவன் நடிக்கவில்லை. பக்கத்துக் குரல் அவன் பேச்சுக்கு நேரம் பிடித்துக் கொடுத்தது.

ஆனால் பக்கத்துக் குரல் நின்றால் கொன்னல் திரும்பி வரும். மேடையில் அவன் தனியே நிற்க வேண்டும். ஆகவே முதல் வாரம் முழுவதும் இரண்டு பேரும் சேர்ந்து ஓதினார்கள். நான்கு பந்தி, பதினாறு வரி. இரண்டாம் வாரம் அவள் குரலைத் தாழ்த்தினாள். பிறகு ஒவ்வொரு வரியின் முதல் சொல்லை மட்டும் சேர்ந்து சொல்லிவிட்டு நிறுத்தினாள். மூன்றாம் வாரம் சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்தாள்.

இதற்கிடையில் இன்னொன்றும் தெரிந்தது. ஒரே பாட்டைத் தொடர்ந்து ஐந்தாறு தடவை ஓதினால் சிக்கல் குறைந்துகொண்டே போகும். அதைப் பார்த்து "சரி வந்திட்டு" என்று உம்மா சந்தோஷப்பட்டார். அடுத்த நாள் மாமி வந்து உட்கார்ந்ததும் பழையபடி அடைத்தது. புதிய ஆள் வந்தால் முந்தைய நாள் கிடைத்ததில் பாதி போய்விடும். அதனால் ஆட்களையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினாள். முதலில் உம்மா, பிறகு மாமியின் பிள்ளைகள், பிறகு வகுப்பில் இரண்டு கூட்டாளிகள். கடைசியில் எங்களிடம் வந்து மண்டபத்தின் சாவி கேட்டாள். இடைவேளையில் வெறும் கதிரைகளுக்கு முன்னால் ஓதினான். அங்கு நாங்களும் நின்றோம்.

அப்போதுதான் எங்கள் பிழையும் வெளியில் வந்தது. அவன் ஒரு வரியில் சிக்கியதும் நாங்கள், "மெதுவா, மூச்சை நல்லா இழுத்துச் செல்லு மகன்" என்றோம். ராத்தா எங்களைத் திரும்பிப் பார்த்தாள். "டீச்சர், அப்படிச் சொன்னா அவனுக்கு இன்னும் கூடும். சும்மா பாத்துக்கொண்டு நில்லுங்க." அவள் வைத்திருந்த சட்டம் இதுதான்: சொல்லை எடுத்துக் கொடுக்கக்கூடாது, கண்ணை வேறு பக்கம் திருப்பக்கூடாது, காத்திருக்க வேண்டும். நாம் சொல்லை முடித்துக் கொடுத்தால், உன் பேச்சுக்காகக் காத்திருக்க எனக்கு நேரமில்லை என்றுதான் பிள்ளைக்குக் கேட்கும்.

அந்த வாரம் உம்மாவுடன் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியின் பேச்சு சிகிச்சைப் பிரிவுக்கும் போனோம். அங்கே இருந்தவர் ராத்தாவின் வேலையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, இன்னும் இரண்டு விஷயம் சொல்லிக் கொடுத்தார். உயிரெழுத்தில் தொடங்கும் வரிகளில் முதலில் கொஞ்சம் காற்றை விட்டு, அதன் மேல் குரலை மெல்ல ஏற்ற வேண்டும். தொண்டையை இறுக்கித் தள்ளினால் பூட்டு இன்னும் இறுகும். சிக்கிவிட்டால் பின்னுக்குப் போய் வரியை முதலில் இருந்து தொடங்கவும் வேண்டாம், அந்த இடத்திலேயே இறுக்கத்தைத் தளர்த்தி அந்தச் சொல்லிலேயே வெளியே வர வேண்டும். "முழுக்கப் போய்விடும் என்று நான் வாக்குத் தரமாட்டேன். சிக்கினாலும் பேசுகிற பிள்ளையாக ஆக்கலாம்" என்றார்.

எங்கள் மூத்தவர்கள் பழைய சிலோன் சதக் காசில் பார்த்த ஆறாம் ஜோர்ஜ் மன்னர் ஞாபகம் வந்தார். 1925 இல் வெம்பிளியில் அவர் ஆற்றிய உரை அவருக்கும் கேட்டவர்களுக்கும் வேதனையாக இருந்தது. அடுத்த வருடம் லயனல் லோக் என்ற அவுஸ்திரேலியரிடம் பயிற்சிக்குப் போனார். 1939 இல் போர் தொடங்கிய அன்று அவர்தான் வானொலியில் பேசினார். அப்போதும் கொன்னல் அவரைவிட்டு முழுதாகப் போகவில்லை. நிறுத்தி நிறுத்தித்தான் பேசினார்.

போட்டி நாளில் ஒரு சிக்கல் இருந்தது. ஓதுகிற பிள்ளை முதலில் தன் பெயரைச் சொல்ல வேண்டும். கொன்னுகிறவர்களுக்குப் பெரும்பாலும் பெயர்தான் கடினம், ஏனென்றால் அதற்குப் பதிலாக வேறு சொல் போட முடியாது. "நாங்கள் அறிவிக்கிறோம், நீ நேரே பாட்டைத் தொடங்கு" என்றோம். "வாணாம் டீச்சர், நானே செல்றேன்" என்றான். அதைச் சொல்லவே அவனுக்கு நேரம் எடுத்தது. நாங்கள் காத்திருந்தோம்.

மேடையில் ஏறினான். பெயரில் அடைத்தது. ஆறு ஏழு விநாடி இருக்கும், மண்டபத்தில் அது நீண்ட நேரம். பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். பக்கத்துக் கதவருகில் ராத்தா நின்றிருந்தாள். உதட்டை அசைப்பாள் என்று எதிர்பார்த்தோம். அவள் அசைக்கவில்லை, அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் காலைத் தட்டவில்லை. தோள் இறங்கியது, காற்று வந்தது, அதன் மேல் பெயர் வந்தது. பதினாறு வரியில் மூன்று இடத்தில் சிக்கினான். மூன்றிலும் அந்தச் சொல்லிலேயே வெளியே வந்தான். ஒரு வரியையும் விடவில்லை.

அவனுக்கு இடம் கிடைக்கவில்லை. நன்றாக ஓதிய வேறு மூன்று பிள்ளைகளுக்குக் கிடைத்தது, அது நியாயம்தான். இப்போதும் கொன்னுகிறான். போன கிழமை ராத்தா வந்து, "டீச்சர், பஸ்ஸில ஒருகொடவத்தைன்னே சொன்னான். கண்டக்டர் கத்தினாரு, ஆனா சொல்லி முடிச்சான்" என்றாள்.

பெற்றோருக்கு ஒன்று: பிள்ளை சில மாதங்களாகத் தொடர்ந்து சிக்கினால், அல்லது பேசுவதைத் தவிர்க்கத் தொடங்கினால், வளர்ந்தால் சரியாகும் என்று இருக்க வேண்டாம். பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரியிலும் மற்ற பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளிலும் பேச்சு சிகிச்சைப் பிரிவு இருக்கிறது.

கடைக்காரர்களுக்கும் கண்டக்டர்மாருக்கும் நம் எல்லோருக்கும் ஒன்று: அவன் பாண் வாங்க வந்து நின்று வாய் திறந்தால், சொல்லை எடுத்துக் கொடுக்காதீர்கள், சொல்லி முடிக்க விடுங்கள்.

மூஸா (அலை) அவர்கள் தம் நாவின் முடிச்சை அவிழ்த்துவிடும்படி அல்லாஹ்விடம் கேட்டார்கள். அதோடு தம் சகோதரரைத் துணையாகத் தரும்படியும் கேட்டார்கள். இந்த இரண்டையும் சேர்த்துக் கேட்டதை எத்தனையோ தடவை ஓதியிருக்கிறோம். மண்டபக் கதவருகில் அந்தப் பிள்ளை நின்றதைப் பார்த்த பிறகுதான் எங்களுக்கு அது விளங்கியது.