கறுப்புக் கதவில் நிற்கும் ஆள்

ரேணிகுண்டா ரயில் சந்திப்பின் வெளியே திருமலைச் சவாரிக்காக நிற்கும் வெள்ளை வாடகைக் கார் ஒன்றை யாரும் நன்றாகப் படமெடுத்துவிடலாம். அதே இடத்தில் மெருகேற்றிய கறுப்புக் காரை நிறுத்திப் பக்கவாட்டில் எடுத்தால், கதவின் நடுவில் கேமராவைப் பிடித்தபடி ஓர் ஆள் நிற்பார். எடுத்தவரேதான். இரண்டு கார்களின் மேலும் இருப்பது ஒரே வகைக் கண்ணாடிப் பூச்சுதான். நேராக வந்து விழும் வெளிச்சத்தில் சுமார் 4 விழுக்காட்டை அது திருப்பி அனுப்புகிறது. வெள்ளைக் காரில் அடியிலிருக்கும் வண்ணம் அதைப் போலப் பல மடங்கு வெளிச்சத்தை எல்லாத் திசையிலும் சிதறடிப்பதால் இந்த 4 விழுக்காடு மூழ்கிப்போகிறது. கறுப்பு வண்ணம் ஏறக்குறைய ஒன்றையும் திருப்பித் தருவதில்லை. ஆகவே கறுப்புக் காரின் படத்தில் நாம் பார்ப்பது காரை அல்ல, அதில் விழுந்த வானத்தையும் தரையையும் எதிரில் நிற்பவற்றையும்தான். இதை ஒப்புக்கொண்டால் வேலையின் போக்கே மாறிவிடுகிறது. ஆளை அழித்தால் அடியில் கார் தெரியும் என்று தேடுவது வீண். அடியில் ஒன்றும் இல்லை. ஆள் அங்கே நிற்காதிருந்தால் கதவின் அந்த இடத்தில் எது தெரிந்திருக்குமோ, அதைக் கொண்டுவந்து வைக்க வேண்டும். பிரதிபலிப்பை நீக்குவது என்று நாம் சொல்வது உண்மையில் ஒரு பிரதிபலிப்புக்குப் பதில் இன்னொன்றை வைப்பதுதான்.

இதற்கு உடனே வரும் மறுப்பு, போலரைசர் ஃபில்டரை லென்ஸில் மாட்டித் திருகினால் போதாதா என்பது. போதாது, காரணமும் தெளிவானது. வழவழப்பான பரப்பில் ஒளி எந்தக் கோணத்தில் பட்டால் அதன் பிரதிபலிப்பு முழுதும் ஒரே தளத்தில் அதிரும் என்பதை டேவிட் புரூஸ்டர் 1815-இல் கண்டறிந்தார். கார்ப் பூச்சுக்கு அந்தக் கோணம், பரப்புக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து அளந்தால், ஏறத்தாழ 56 டிகிரி. ஃபில்டரின் வலிமை அந்தக் கோணத்தைச் சுற்றித்தான். எடுப்பவரின் கேமராவோ, பரப்பு அதை நேருக்கு நேர் பார்க்கும் புள்ளியில் மட்டுமே தெரியும். அங்கே கோணம் சுழி. சுழிக் கோணத்தில் திரும்பும் ஒளிக்குத் தனித் தளம் கிடையாது, ஃபில்டரை எப்படித் திருகினாலும் ஆள் மங்க மாட்டார். மாறாக, முன்கண்ணாடியிலும் பானெட்டிலும் சாய்வாக ஓடும் ஒளிக்கோடுகளை அது தின்றுவிடும்; பக்கக் கண்ணாடிகளில், அவற்றைப் பதப்படுத்தியபோது விழுந்த திட்டுகளை வெளியே காட்டும். காக்க வேண்டியதைக் கெடுத்து, நீக்க வேண்டியதை விட்டுவைக்கிற கருவி இது. அதற்கு வேறு நல்ல வேலைகள் உண்டு, இது மட்டும் இல்லை.

உண்மையில் பலனளிப்பது எங்கே நிற்கிறோம் என்பதுதான். சமதளக் கண்ணாடியில் எவ்வளவு பின்வாங்கினாலும் நம் உருவம் கண்ணாடியில் நம் உயரத்தில் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டேயிருக்கும். கார்க் கதவு வெளிப்புறம் புடைத்தது, அதனால் தூரம் பயன்படும். கதவின் மேல்கீழ் வளைவின் ஆரம் 2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 170 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் 3 மீட்டர் தள்ளி நின்றால் கதவில் சுமார் 34 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தெரிவார். 10 மீட்டருக்குப் போய், காரின் அளவு படத்தில் மாறாதபடி நீண்ட லென்ஸில் எடுத்தால் சுமார் 14 சென்டிமீட்டர்தான். உருவம் சிறிதாவது பாதி ஆதாயம். அது எதன்மேல் விழுகிறது என்பது மீதிப் பாதி, ரேணிகுண்டாவின் நிலம் உதவுவதும் அதில்தான். ஊரின் மேற்கிலும் வடமேற்கிலும் சேஷாசல மலைத்தொடர் நிற்கிறது. சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியதும், காரின் விலாவை மலைப்பக்கம் திருப்பி நிறுத்தினால், கதவின் மேல்பகுதியில் வெளிறிய வானமும் அதன் கீழே மலையும் தரையும் சேர்ந்த இருண்ட பட்டையும் விழும். மலைவிளிம்பு அடிவானத்துக்கு மேலே 5 டிகிரி எழுந்திருப்பதாகக் கொள்வோம். கேமராவைக் கதவின் புடைப்பு உயரத்துக்கு, தரையிலிருந்து முக்கால் மீட்டர் அளவுக்கு இறக்கிவிட்டு அதன் பின்னால் நின்றுகொண்டிருந்தால், 3 மீட்டரில் தலை கேமராவுக்கு மேலே ஏறத்தாழ 18 டிகிரி எழும். வானத்தில் கறுப்பாய்க் குத்தி நிற்கும். குந்தி உட்கார்ந்தால் அதே தூரத்தில் சுமார் 3 டிகிரி. மலை அதை விழுங்கிவிடும்.

இன்னும் நல்லது, ஆளே அங்கே இல்லாமல் போவது. முக்காலியில் கேமராவை வைத்து, 10 நொடி டைமரை அழுத்திவிட்டு, காருக்குப் பின்னால் போய்விடலாம். மூன்று மெல்லிய கால்கள் மட்டும் மிஞ்சும். அவையும் இருண்ட பட்டைக்குள்தான் இருக்கும். ஆளோடு எடுத்த படம்தான் மற்ற வகையில் நன்றாக வந்திருக்கிறது என்றால், ஆளில்லாத படத்தை அதன்மேல் அடுக்கி, அந்த இடத்தை மட்டும் திறந்துகாட்டினால் போதும். இரண்டுக்கும் இடையே ஒரு நிமிடத்துக்கு மேல் விடக்கூடாது. அந்தி வெளிச்சம் அதற்குள்ளேயே இறங்கத் தொடங்கிவிடும், ஒட்டிய இடம் தனி நிறமாகத் தெரியும்.

கையில் ஒரே படம்தான் இருக்கிறது என்றால் வேலை கடினம். பெரும்பாலோர் போட்டோஷாப்பில் முதலில் தொடுவது Healing Brush அல்லது Content-Aware Fill. முன்னது சுற்றியுள்ள வெளிச்சத்தை உள்ளே கலக்கிறது; தூரிகையின் ஓரம் ஒளிக்கோட்டைத் தொட்டால் அந்த வெளிச்சம் இருட்டுக்குள் கசிந்து சாம்பல் கறையாகப் படியும். பின்னது ஒத்த துண்டுகளைத் தேடி ஒட்டுகிறது, வளைவைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. கதவின் பிரதிபலிப்புக்கு ஓர் இயல்பு உண்டு: மேலிருந்து கீழே வேகமாக மாறும், காரின் நீளவாக்கில் மெதுவாகத்தான் மாறும். எனவே மாற்றுத் துண்டை மேலிருந்தோ கீழிருந்தோ எடுக்காமல், அதே கதவில், அதே உயரத்தில், ஆளுக்குப் பக்கத்திலேயே எடுக்க வேண்டும். ஆளைவிடச் சற்று அகலமான பட்டையைப் புதிய லேயரில் வைத்து, Edit > Transform > Warp மூலம் அதன் ஒளிக்கோடு இருபுறமும் உள்ள கோட்டோடு முட்டும்வரை வளைக்கலாம். மாஸ்கின் இட வல ஓரங்களை மென்மையாக விடலாம். ஒளிக்கோட்டின் குறுக்கே மட்டும் மென்மை கூடாது, அங்கே கோடு அகன்று மங்கிவிடும். கோப்பு 16 பிட்டில் இருக்கட்டும். இல்லையென்றால் வானத்தின் மெல்லிய மாற்றம் படிப்படியாக உடையும். முடிந்தபின் மேலே ஒரு Curves லேயர் வைத்து, கோட்டைப் பலமுறை ஏற்றி இறக்கிப் பார்த்தால், கண்ணுக்குத் தப்பிய ஒட்டெல்லாம் நிறத் திட்டுகளாக வெளிவந்துவிடும்.

இவ்வளவு நுணுக்கம் ஒரு விற்பனைப் படத்துக்குத் தேவையா என்று கேட்கலாம். ஒளிக்கோடுதான் கார் வாங்குபவர் படத்தில் படிக்கும் ஒரே உடல்வடிவம். கார் வடிவமைப்பாளர்களும் பரப்பின் தொடர்ச்சியைச் சோதிப்பது அதன்மேல் வரிக்கோடுகளைப் பிரதிபலிக்கச் செய்துதான்: கோடு நெளிந்தால் பரப்பு நெளிந்திருக்கிறது. திருத்தியவர் கைதவறி ஒரு விரல் அகலத்துக்குக் கோட்டை வளைத்துவிட்டால், இல்லாத நசுங்கல் ஒன்று கதவில் முளைத்துவிடும். இதன் மறுபக்கம்தான் கடுமையான மறுப்பு: ஆளை நீக்கும் அதே பட்டை, இருக்கிற நசுங்கலையும் மறைத்துவிடாதா? மறைக்கும். பக்கத்திலிருந்து எடுத்து ஒட்டியது பக்கத்தின் வடிவத்தைத்தான் சொல்லும். வானமும் மலையும் எடுத்தவரின் நிழலுருவும் காருடையவை அல்ல; அவற்றை மாற்றுவதில் வாங்குபவருக்கு நட்டமில்லை. ஆனால் அந்த உருவத்துக்கு அடியில் கதவு எப்படி இருந்தது என்பது காருடையது. ஆளில்லாத இரண்டாவது படம் அதைச் சொல்லும், ஒட்டுப்பட்டை சொல்லாது. ஆகவே விற்பனைக்கான கார் என்றால், உருவம் விழுந்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்து, அங்கே குழிவோ பூச்சு வேலையோ தட்டுப்பட்டால், கணினியை மூடிவிட்டு முக்காலியோடு மறுபடி காரிடம் போவதுதான் சரி.