மூன்று யோகட் கோப்பையும் ஒரு டொபியும்



தரம் 11 வகுப்பில் ஸேர் கோப்பையும் டொபியும் வைத்து விளையாடுகிறார் என்று சில வீடுகளில் கதை போயிருக்கிறது. உண்மைதான், நிகழ்தகவு பாடத்துக்காக விளையாடினோம். அதில் நான் ஒரு பிழையும் விட்டேன். பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன், இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

அமெரிக்காவில் மொன்டி ஹோல் என்பவர் நடத்திய ஒரு டிவி நிகழ்ச்சியை வைத்து வந்த புதிர் இது. மூன்று கதவுகள். ஒன்றின் பின்னால் கார், மற்ற இரண்டின் பின்னால் ஆடு. நீங்கள் ஒரு கதவைத் தெரிவு செய்கிறீர்கள். கார் எங்கே என்று தெரிந்த நடத்துனர், நீங்கள் தொடாத கதவுகளில் ஆடு உள்ள ஒன்றைத் திறந்து காட்டிவிட்டு, "மாற்றுகிறீர்களா?" என்று கேட்கிறார்.

மிச்சம் இரண்டு கதவுதானே, பாதிக்குப் பாதி, மாற்றினால் என்ன மாற்றாவிட்டால் என்ன என்றுதான் யாருக்கும் தோன்றும். கல்வியியற் கல்லூரியில் படிக்கும்போது நானும் அப்படித்தான் அடித்துச் சொன்னேன். 1990இல் பரேட் என்ற சஞ்சிகையில் மர்லின் வொஸ் சவன்ட் என்ற பெண்மணி "மாற்றுங்கள்" என்று பதில் எழுதியபோது ஏறத்தாழ 10,000 கடிதங்கள் வந்தன. பிழை என்று சண்டைக்கு வந்தவர்களில் கலாநிதிப் பட்டம் பெற்றவர்களும் நிறையப் பேர். ஆனால் அவர் சொன்னதுதான் சரி. பாடசாலைகளில் செய்து பாருங்கள் என்றும் அவரே கேட்டுக்கொண்டார்.

நாங்களும் செய்தோம். கதவுக்குப் பதிலாக யோகட் கோப்பை, காருக்குப் பதிலாக டொபி. இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து, ஒருவர் ஒளித்து வைக்க, மற்றவர் ஒவ்வொரு தடவையும் மாற்ற வேண்டும். 30 தடவை. (பந்தயம் எதுவும் இல்லை. கடைசியில் எல்லாருக்கும் டொபி கொடுத்தேன்.)

ஒரு சோடிக்கு 19 தடவை டொபி கிடைத்தது, இன்னொன்றுக்கு 21, இன்னொன்றுக்கு 20. பின் வாங்கில் இருந்த இரண்டு பிள்ளைகளுக்கு மட்டும் 14. "அது சும்மா தற்செயல், 30 தடவையில் அப்படியும் வரும்" என்றேன். ஒருத்தி எழும்பி, "ஸேர், நாங்க பார்க்காமத்தான் கோப்பையத் தூக்கினோம். டொபி வந்தா அந்த ஆட்டத்த விட்டுட்டுத் திரும்ப விளையாடினோம். அதாலயா?" என்று கேட்டாள். "இல்ல மகள், வெறும் கோப்பை வந்த ஆட்டத்தத்தானே எண்ணினீங்க, எல்லாம் ஒண்டுதான்" என்று உட்கார வைத்துவிட்டேன்.

இரவு எழுதிப் பார்த்தேன். 300 ஆட்டம் என்று வைப்போம், நான் எப்போதும் முதலாம் கோப்பையைத் தொடுகிறேன். டொபி ஒவ்வொரு கோப்பையிலும் 100 தடவை இருக்கும்.

வைத்தவருக்கு இடம் தெரிந்தால், நான் தொட்டதில் டொபி இருக்கும் அந்த 100 ஆட்டத்தில் மாற்றி இழப்பேன். மற்ற 200 ஆட்டத்தில் அவருக்கு வேறு வழியில்லை. டொபி உள்ளதைத் தூக்க முடியாது, என்னுடையதையும் தொட முடியாது. ஆகவே வெறும் கோப்பையைத் தூக்கி, டொபி உள்ளதை எனக்கு மிச்சம் வைக்கிறார். மாற்றினால் 200, மாற்றாவிட்டால் 100.

இப்போது பார்க்காமல் தூக்குகிறார். நான் சரியாகத் தொட்ட 100 ஆட்டத்திலும் எதைத் தூக்கினாலும் வெறும் கோப்பைதான், எல்லாம் எண்ணிக்கையில் சேரும். பிழையாகத் தொட்ட 200இலோ பாதித் தடவை டொபியே வெளியே வந்துவிடும். அந்த 100 ஆட்டத்தை அவர்கள் கழித்துவிட்டார்கள். கழிந்தது முழுக்க மாற்றினால் வென்றிருக்க வேண்டிய ஆட்டங்கள்! மிச்சம் 200. மாற்றினால் 100, மாற்றாவிட்டாலும் 100.

பிள்ளை கேட்டதுதான் சரி. இரண்டு ஆட்டத்திலும் கண்ணுக்குத் தெரிவது ஒன்றுதான், ஒரு வெறும் கோப்பை. ஆனால் அது அறிந்து தூக்கப்பட்டதா, தற்செயலாக வந்ததா என்பதில் விடை மாறிவிடுகிறது. 30இல் 14 என்பது, பாதிக்குப் பாதி ஆட்டத்துக்கு 15க்குப் பக்கத்தில் வரவேண்டிய எண்தான்.

மறுநாள் முதல் பாடவேளையிலேயே இந்தக் கணக்கைப் பலகையில் எழுதி, நேற்று நான் சொன்னது பிழை, அவள் கேட்டது சரி என்று சொன்னேன். உடனே அவளிடமிருந்து அடுத்த கேள்வி. "ஸேர், நாங்க சரியாத் தொட்டா மட்டும் மாற்றச் சொல்லிக் கேக்கிற ஆள் எண்டா?"

அப்படியென்றால் மாற்றுகிறவர் ஒவ்வொரு தடவையும் தோற்பார். 1991இல் மொன்டி ஹோலே தன் வீட்டுக்கு வந்த ஒரு பத்திரிகையாளரிடம் இப்படி விளையாடிக் காட்டியிருக்கிறார். தெரிவைத் தருவதா இல்லையா என்பது தன் கையில் இருந்தால் 'மாற்றினால் லாபம்' என்ற கணக்கு செல்லாது என்பதுதான் அவர் சொன்னது. இந்த முறை யோசித்துவிட்டுத்தான் பதில் சொன்னேன்.