‘பார்ப்போம்’னு சொன்னா உஷார்!

கல்யாணச் சாப்பாடு சைவம்னாலும், எங்க மதுரைப் பக்கம் பல வீடுகள்ல மறுவீடுன்னா கறி விருந்துதான் பாஸ்! ஆனா, போன் போட்டு ‘வந்துடுங்க’ன்னா யாரும் வர மாட்டாங்க. பெண் வீட்டுப் பெரியவங்க வெற்றிலை பாக்கு, பழத்தட்டோட நேர்ல போய் அழைக்கணும்.

அக்காவுக்கு ஞாயித்துக்கிழமை கல்யாணம். செவ்வாய், வெள்ளி, சனி எங்க வீட்டுல கறி எடுக்க மாட்டோம். அதனால புதன்கிழமை மறுவீடு. அழைக்கப் போன அப்பாவோட நானும் ஒட்டிக்கிட்டேன். மாப்பிள்ளை வீட்டுல, ‘20 பேர் வர்றோம்’னாங்க. அங்கே இருந்த அவரோட பெரியப்பா மட்டும், ‘பார்ப்போம்’னார்.

வெளியே வந்ததும் அத்தை கிசுகிசுத்தாங்க: ‘‘அவுக தனிக்குடும்பம். அவுக வீட்டுக்குத் தனித்தட்டோட போகணும்ணே!’’

அடுத்த தெருவுல இருந்த அவர் வீட்டுக்கு இன்னொரு தட்டு போச்சு. பெரியப்பா முகத்துல சிரிப்பு. ‘‘நாங்க எட்டுப் பேர் சம்பந்தி!’’

ஆளுக்குக் கால் கிலோன்னு போட்டிருந்த 5 கிலோ ஆட்டுக்கறி, 7 கிலோ ஆச்சு. செலவு கூடுதல்தான். ஆனா, அந்த ஒரு தட்டு விட்டுப்போயிருந்தா, ‘உங்கப்பா எங்களை அழைக்கலையே’ங்கிற பேச்சை வருஷக்கணக்கா கேட்கப் போறது அப்பா இல்லீங்க... அக்கா!