விரல் அளவு தெரியாத மோதிரம்

மனைவிக்குச் சொல்லாமல் மோதிரம் வாங்க வருபவர்கள் பலரும் ஒரு நூல் துண்டோடு வருவார்கள். அவர் தூங்கும்போது விரலடியில் சுற்றி வெட்டிய நூல். அதை நான் நம்புவதில்லை. நூல் இழுத்தால் நீளும். அதோடு, மோதிரம் விரலடிக்குப் போக முதலில் மூட்டைத் தாண்ட வேண்டுமே!

சென்ற ஆவணியில் வந்த ஒரு தம்பியின் நூல் 50 மில்லிமீட்டர் இருந்தது. எங்கள் கணக்கில் அது 10-ஆம் அளவு. "தினமும் போடுற மோதிரம் ஒண்ணு எடுத்துட்டு வாங்க தம்பி. எந்தக் கை, எந்த விரல்னும் பார்த்துக்குங்க" என்று அனுப்பினேன். மறுநாள் கொண்டுவந்த மோதிரம் அளவுக் கம்பியில் 12-இல் நின்றது. இரண்டு அளவு வித்தியாசம்! அவர் விரும்பியது பட்டையான மோதிரம். பட்டை அகலமானால் விரலை அதிகம் பிடிக்கும் என்பதால் 13 எடுக்கச் சொன்னேன்.

அவர் கண் போனது சுற்றிலும் கல் பதித்த ஒன்றின் மேல். அதை மட்டும் வேண்டாம் என்று பிடிவாதமாகச் சொன்னேன். பின்பக்கம் வெறும் தங்கமாக இருந்தால் அங்கே அறுத்து ஒட்டி, ஓரிரு அளவு கூட்டலாம், குறைக்கலாம். ஹால்மார்க் முத்திரை இருக்கும் இடத்தில் மட்டும் கைவைக்கக் கூடாது. சுற்றிலும் கல் இருந்தால் அறுக்க இடமே இல்லை. வளைத்தால் கற்கள் ஆட்டம் காணும். மேலே மட்டும் ஐந்து சிறு கற்கள் வைத்த மோதிரத்தை எடுத்தார்.

பிறகு மாற்றுவதைப் பற்றிப் பேசினோம். கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 4 கிராம் தங்கம் 40,000. சேதாரம் 12 சதவீதம் என்றால் 4,800. அதன் மேல் 3 சதவீத ஜிஎஸ்டி 1,344. மொத்தம் 46,144 ரூபாய். இதையே பழைய நகையாகத் திருப்பிக் கொடுத்தால் தங்கத்துக்கு மட்டும்தான் விலை. விலை மாறாவிட்டாலும் 6,144 ரூபாய் போய்விடும். புதிதாக எடுப்பதற்கு மறுபடி சேதாரம். கல்லுக்குக் கொடுத்த பணம் வேறு. அதனால் எத்தனை நாளுக்குள் பில் தொகைக்கே மாற்றித் தருவோம் என்பதை வாயால் சொல்லாமல் பில்லிலேயே எழுதிக் கொடுப்பேன். இவருக்கு 15 நாள் எழுதினேன். உள்ளே பெயர் பொறிக்கக் கேட்டார். பொறித்துவிட்டால் அதை வேறொருவருக்கு விற்க முடியாது. அவங்க போட்டுப் பார்த்த பிறகு வாங்க என்றேன்.

ஆறாம் நாள் இருவரும் வந்தார்கள். அளவு சரியாக இருந்தது. "மாவு பிசையும்போது கல்லிடுக்குல ஏறுதுண்ணே" என்றார் அந்தப் பெண். அவர் கையைப் பார்த்தேன். வளையல், மோதிரம் எதிலும் கல் இல்லை. தினமும் போடும் மோதிரத்தில் கல் இல்லாததை முன்பே கவனித்து நான் சொல்லியிருக்க வேண்டும். கல்லில்லாத 13-ஆம் அளவுப் பட்டை ஒன்றை அவரே எடுத்தார். எடை அரை கிராம் கூட. வித்தியாசத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, பெயர் பொறிக்கப் பட்டறைக்கு அனுப்பினேன்.