நாச்சியார்கோயில் பட்டறையில் 90 நாட்கள்

"ஆர்டர் இருக்கு சார், வேலையும் ஓடுது. ஆடிட்டர் லாபம்னுதான் காட்டுறாரு. ஆனா சனிக்கிழமை கூலி போடணும்னா வெள்ளிக்கிழமை யார்கிட்டயாவது கேக்க வேண்டியிருக்கு. அந்த லாபம் எங்கதான் இருக்கு?"

நாச்சியார்கோயிலில் குத்துவிளக்குப் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டது இது. சிறுதொழில்களுக்குக் கணக்குப் பார்க்கும் என் வேலையில் அடிக்கடி காதில் விழுகிற கேள்விதான். ஆனால் இதற்கு மேசையில் உட்கார்ந்து பதில் சொல்ல முடியாது. பணம் எந்த இடத்தில் எத்தனை நாள் நிற்கிறது என்று பட்டறைக்குள் போய்த்தான் பார்க்க வேண்டும். போனேன்.

கும்பகோணத்திலிருந்து திருவாரூர் போகும் சாலையில் இருக்கிறது ஊர். இந்த ஊர்க் குத்துவிளக்குக்குப் புவிசார் குறியீடு உண்டு. காவிரிப் படுகையின் நைசான வண்டல் மண்ணில் அச்சு எடுப்பதால் வார்ப்பு வழவழப்பாக வருகிறது என்பார்கள். உள்ளே நுழைந்ததும் மண்பெட்டிகள் வரிசையாக இருந்தன. மாதிரியை வைத்து மண்ணை இறுக்கி, இரண்டு பாதியாகப் பிரித்து, அச்சு கலையாமல் மாதிரியை வெளியே எடுத்து, மறுபடி பெட்டியை மூடுகிறார்கள். உலையில் மூசைக்குள் பித்தளை உருகுகிறது. இடுக்கியால் மூசையைத் தூக்கி அச்சின் வாய்க்குள் ஒரே ஓட்டமாக ஊற்றுகிறார் ஒருவர். இடையில் கை நின்றால் வார்ப்பில் கோடு விழுந்துவிடும். ஆறிய பிறகு மண்ணை உடைத்து, அரத்தால் பிசிறு நீக்கி, கடைசலுக்கு அனுப்புகிறார்கள். அதன் பிறகு சித்திர வேலை, மரை வெட்டுதல், மெருகு.

ஒரு விளக்குக்கு நான்கு பாகம்: பாதம், தண்டு, எண்ணெய் ஊற்றும் அகல், மேலே அன்னம் வைத்த பிரபை. நான்கையும் தனித்தனியாக வார்த்து மரையில் பூட்டுகிறார்கள். கணக்குக்கு இது எவ்வளவு முக்கியம் என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை.

பெரியவரின் மகன் நோட்டுகளைக் கொண்டுவந்து வைத்தார். வருட விற்பனை 73 லட்சம் ரூபாய், அதாவது நாளுக்கு 20,000. விற்ற சரக்கின் அடக்கம், அதாவது பித்தளை, கூலி, கரி, மின்சாரம் எல்லாம் சேர்த்து, 58 லட்சத்து 40 ஆயிரம். நாளுக்கு 16,000. அதில் பித்தளைக் கொள்முதல் மட்டும் நாளுக்கு 12,000 வருகிறது. இந்த மூன்று நாள்தொகைகளையும் முதலில் எழுதி வைத்துக்கொண்டால் மற்றது சுலபம். வரவேண்டிய பாக்கியை ஒரு நாள் விற்பனையால் வகுத்தால் பாக்கி நாட்கள். சரக்கை ஒரு நாள் அடக்கத்தால் வகுத்தால் சரக்கு நாட்கள். நாம் கொடுக்க வேண்டியதை ஒரு நாள் கொள்முதலால் வகுத்தால் கடன் நாட்கள். முதல் இரண்டையும் கூட்டி மூன்றாவதைக் கழித்தால், கையைவிட்டுப் போன ரூபாய் திரும்பிவர எத்தனை நாள் ஆகிறது என்று தெரியும்.

கணக்கு தப்பாவது பெரும்பாலும் வகுக்கும் இடத்தில்தான். இந்தப் பட்டறைக்கு வங்கியில் கேஷ் கிரெடிட் இருக்கிறது. அதற்காக மாதா மாதம் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கொடுக்கிறார்கள். மாதக் கடைசியில் எடை போட்டு, பித்தளை இவ்வளவு, அரைவேலை இவ்வளவு, முடிந்தது இவ்வளவு என்று பிரித்தே எழுதியிருந்தார்கள். இப்படி ஒரு பதிவு கிடைப்பது பெரிய விஷயம். ஆனால் எல்லாவற்றையும் விற்பனை விலையில் போட்டிருந்தார்கள். பன்னிரண்டு மாத சராசரி 9 லட்சம். அதை அப்படியே 16,000-ஆல் வகுத்தால் 56 நாள் வரும். மேலே லாபம் சேர்ந்த தொகை, கீழே லாபம் சேராத தொகை என்று வைத்து வகுத்ததால் வந்த பொய்க் கணக்கு அது. அடக்க விலைக்குக் கொண்டுவந்தபோது சரக்கு 7 லட்சத்து 20 ஆயிரமாகி, 45 நாள் என்று நின்றது. பாக்கியிலும் இதே சிக்கல் உண்டு. கடைக்காரர் தரவேண்டிய தொகையில் ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்கும், விற்பனைக் கணக்கில் சேர்ந்திருக்காது. வரியைக் கழித்த பிறகு சராசரிப் பாக்கி 11 லட்சம், அதாவது 55 நாள். பித்தளை வியாபாரிக்குத் தரவேண்டியதையும் வரி நீக்கிப் பார்த்தால் 1 லட்சத்து 20 ஆயிரம், அதாவது 10 நாள்.

45-உம் 55-உம் கூட்டி 10-ஐக் கழித்தால் 90 நாள். ரூபாயில் சொன்னால் 17 லட்சம் எப்போதும் வெளியே நிற்கிறது. வட்டி வருடத்துக்கு 12 சதவீதம் என்று வைத்தால் மாதம் 17,000. பெரியவர் கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது.

சராசரி எடுத்ததற்குக் காரணம் உண்டு. ஆடிட்டர் பார்ப்பது மார்ச் 31-ஆம் தேதிக் கணக்கை. கார்த்திகைக்கு விற்றது போக அன்றைக்குச் சரக்கு 4 லட்சத்து 80 ஆயிரம்தான் இருந்தது, அதாவது 30 நாள். அக்டோபர் கடைசியில் கார்த்திகை தீபத்துக்காகச் செய்து அடுக்கியது 12 லட்சம், 75 நாள். ஒரே பட்டறை, ஒரே வருடம். சீசன் தொழிலுக்கு மார்ச் கணக்கை மட்டும் வைத்து நாள் பார்ப்பவர், ஐப்பசியில் ஏன் மூச்சு முட்டுகிறது என்று கண்டுபிடிக்கவே மாட்டார்.

சரக்கின் 45 நாளைப் பிரித்துப் பார்த்தேன். உருக்காத பித்தளை 10 நாள். முடிந்து துணி சுற்றிய விளக்கு 10 நாள். மீதி 25 நாள் அரைவேலை. ஒரு விளக்கின் மேல் கை படும் நேரம் எல்லாம் சேர்த்தால் சில நாட்கள்தான் வரும். அப்படியானால் 25 நாள் எங்கிருந்து வந்தது?

கடைசல் மெஷினுக்குப் பின்னால் இருந்த அறையில் விடை இருந்தது. பாதங்கள் சுவரோரம் இடுப்பளவு அடுக்கியிருந்தன. பக்கத்தில் தண்டுகள். அகல்கள் ஒரு சாக்கில். பிரபை மட்டும் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தது. கடைசல்காரரைக் கேட்டேன். "பாதத்துக்கு மண்பெட்டி கட்டிட்டா அதையே தொடர்ந்து ஊத்திருவோம் சார், பெட்டி மாத்துனா வேலை கெடும். பிரபைல அன்னத்தோட மூக்கு, வாலெல்லாம் மெல்லிசு. ஊத்துறதுல பாதி சரியா வராது, திரும்ப உருக்கணும். அதனால அது எப்பவும் பின்னாடிதான் வரும்" என்றார். ஒரு பிரபை வரவில்லை என்றால் மூன்று பாகத்தின் பித்தளையும் கூலியும் சேர்ந்து காத்திருக்கிறது. விளக்கின் எடை பெரும்பாலும் பாதத்தில் என்பதால், அதிகப் பணம் அடங்கிய பாகம்தான் அதிக நாள் சும்மா கிடக்கிறது.

அவர் சொன்ன காரணம் நியாயமானது. பெட்டி மாற்றினால் அன்றைய வார்ப்பு குறையும் என்பது கண்ணுக்குத் தெரிகிற நஷ்டம். மாற்றாததால் வருவதோ வட்டியாக வங்கிக் கணக்கில் விழுகிறது, பட்டறையில் யார் கண்ணுக்கும் படுவதில்லை. நான் சொன்னது இவ்வளவுதான்: பிரபையை முதலில் வார்த்துவிடுங்கள், தேறிய பிரபை எத்தனையோ அத்தனை பாதம் மட்டும் ஊற்றுங்கள். அரைவேலை 25 நாளிலிருந்து 15 நாளுக்கு இறங்கினால், பத்து நாளுக்கு 16,000 வீதம் 1 லட்சத்து 60 ஆயிரம் ஒருமுறை வெளியே வரும். யாரிடமும் கடன் கேட்க வேண்டாம், யாரிடமும் பாக்கி கேட்கவும் வேண்டாம்.

பாக்கியின் 55 நாளிலும் ஒரு மறைவு இருந்தது. பில்களைத் தேதிவாரியாக அடுக்கியபோது 2 லட்சத்து 40 ஆயிரம் ஒரே கடையினுடையது என்று தெரிந்தது. ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதை ஒதுக்கினால் மற்ற கடைகளின் பாக்கி 8 லட்சத்து 60 ஆயிரம், அதாவது 43 நாள். நல்ல கடைகள் ஒழுங்காகத்தான் தருகின்றன. 55 என்ற சராசரியை நம்பி எல்லாக் கடையையும் நெருக்கினால் நல்ல வாடிக்கைதான் கெடும். பொதுவாக வங்கியும் 90 நாள் தாண்டிய பில்லைக் கடன் வரம்புக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆக அந்தத் தொகைக்கு வங்கிப் பணமும் கிடைக்காது. அது நாள் கணக்கில் வைக்க வேண்டியதல்ல, வசூலுக்கு நடக்க வேண்டியது.

வசூலுக்குச் சட்டத்தின் துணை இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, உத்யம் பதிவுள்ள குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்கியவர் பேசிய கெடுவுக்குள் பணம் தர வேண்டும். அந்தக் கெடு 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, மாதா மாதம் கூட்டுவட்டியாக ஏறும். 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, இப்படித் தாமதமான தொகையைக் கொடுக்கும்வரை வாங்கியவர் வருமான வரியில் செலவாகக் கழிக்கவும் முடியாது. பெரியவரிடம் உத்யம் பதிவு இருந்தது, ஆனால் பில்லில் அந்த எண்ணை அச்சடிக்கவில்லை. "கேஸ் போட்டா அடுத்த வருஷம் அந்தக் கடை என்கிட்ட வாங்குமா?" என்றார். வாங்காமல் போகலாம். அதனால்தான் முதல் வேலையாக எண்ணைப் பில்லில் போடச் சொன்னேன். வாங்குபவரின் கணக்கர் அதைப் பார்த்தாலே பல இடங்களில் பணம் கெடுவுக்குள் வந்துவிடுகிறது.

மகன் கேட்டார்: "பித்தளைக்காரர்ட்ட 10 நாளை 30 நாளாக்கிட்டா 20 நாள் குறையுமே?" கணக்கில் குறையும். ஆனால் 30 நாள் என்றால் கிலோவுக்கு 10 ரூபாய் கூட வேண்டும் என்கிறார் வியாபாரி. கிலோ 600 ரூபாய் என்று வைத்தால், 20 நாளுக்கு 10 ரூபாய் என்பது வருடத்துக்கு 30 சதவீத வட்டி. வங்கிப் பணம் இதைவிட எவ்வளவோ மலிவு. 90 என்ற எண்ணைக் குறைப்பதற்காகவே கடன் நாளை நீட்டுவது இந்தப் பட்டறைக்கு நஷ்டம். அந்த 10 நாள் அப்படியே இருக்கட்டும்.

இந்த மூன்று எண்ணிலும் வராத ஒன்று, வேலைக்காரர்களுக்குக் கொடுத்த முன்பணம். கல்யாணம், மருத்துவம், பள்ளிக் கட்டணம் என்று கொடுத்தது 2 லட்சத்து 50 ஆயிரம் நிற்கிறது. அது பாக்கியிலும் இல்லை, சரக்கிலும் இல்லை. ஆனால் கையில் இல்லாத பணம்தான். இதைக் குறைக்க நான் சொல்லமாட்டேன். மூசையை நடுங்காமல் தூக்கும் கைகள் இந்த ஊரில் குறைந்துகொண்டே வருகின்றன, அந்தக் கைகளைப் பட்டறையில் வைத்திருப்பதில் இந்தப் பணத்துக்கும் பங்கு உண்டு. அதைத் தனி வரியாக எழுதி 17 லட்சத்தோடு சேர்த்துப் பார்த்தால், பெரியவருக்குத் தேவைப்படும் முதல் பத்தொன்பதரை லட்சம் என்று தெரிகிறது. வங்கியிடம் கேட்கும்போது அந்தத் தொகையைச் சொல்ல வேண்டும்.

பாத்திரக் கடையும் பூஜைப் பொருள் கடையும் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். கார்த்திகைக்கு எடுத்த விளக்கின் பில்லைத் தை பிறக்கும்வரை தள்ளாதீர்கள். நீங்கள் பத்து நாள் முன்னால் தந்தால் இந்த அளவுள்ள ஒரு பட்டறைக்கு 2 லட்சம் ரூபாய் கைக்கு வருகிறது.